விடுதி அறைக்குள் ஒரு மூங்கில் பரண்

பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம். அதற்குள் இரண்டு இரும்புக் கட்டில், இரண்டு மேசை, இரண்டு அலமாரி, ஊரிலிருந்து வந்த தகரப் பெட்டிகள். நாற்காலியைப் பின்னால் தள்ளினால் கட்டிலில் இடிக்கும். கட்டிடப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஈரோட்டு மாணவனும், அவனோடு அறையைப் பகிர்ந்துகொண்ட திருவாரூர் மாணவனும் ஒரு சனி, ஞாயிறில் இதற்கு வழி கண்டார்கள். ஒரு கட்டிலை வெளியேற்றிவிட்டு, ஒருவர் படுக்கும் அளவுக்குப் பரண் கட்டுவது, அதன் அடியில் மேசைகளைப் போட்டுக்கொள்வது என்று முடிவானது. சுவரில் ஒரு துளைகூடப் போடக் கூடாது, அறையைக் காலி செய்யும்போது தடயமின்றிப் பிரித்துவிட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு வார்டன் சம்மதித்தார்.

துளை கூடாது என்றால் பரண் தன் காலிலேயே நிற்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனைதான் பிறகு வந்த எல்லா முடிவுகளையும் தீர்மானித்தது.

முதலில் இடம். நீளமான பக்கச் சுவரை ஒட்டிக் கட்டலாம் என்றான் திருவாரூர்க்காரன். ஈரோட்டுக்காரன் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தான். அறையின் நடுவில் தொங்கும் நாற்பத்தெட்டு அங்குல விசிறியின் இறக்கை, மையத்திலிருந்து இரண்டடி நீளும். பத்தடி அகல அறையில் மையம் சுவரிலிருந்து ஐந்தடி. அப்படியானால் இறக்கையின் நுனி பக்கச் சுவருக்கு மூன்றடி தூரத்தில் சுற்றுகிறது. மூன்றடி அகலப் பரணில் படுத்தவன் தூக்கத்தில் கையை நீட்டினால் போதும், விரல் இறக்கைக்குள் போய்விடும். அறைக்குள் பரண் கட்டுகிறவர்கள் பாரத்தைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு விசிறியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆனால் அளவுநாடாவை முதலில் நீட்ட வேண்டிய இடம் அதுதான்.

வாசல் இருக்கும் குட்டைச் சுவரில் கதவுக்கு மூன்றடி போக, ஏழடி மீதி இருந்தது. அங்கிருந்து இறக்கை நுனி நான்கடி தள்ளி இருக்கிறது. பரணை இரண்டரை அடி அகலத்தோடு நிறுத்திக்கொண்டால் ஒன்றரை அடி இடைவெளி கிடைக்கும். அதோடு விசிறிப் பக்கம் இரண்டடி உயரத்துக்கு மூங்கில் தட்டி கட்டிவிடுவது என்று முடிவு செய்தார்கள். பரணின் உயரம் ஐந்தரை அடி. அறையின் உயரம் பத்தடி என்பதால் மேலே நாலரை அடி மிஞ்சும், எழுந்து உட்காரலாம். புதிய கட்டிடங்களில் வசிக்கும் அறைக்குத் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு கேட்கும் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடி. அப்படிப்பட்ட அறையில் படுக்கையின் கனமும் சேர்ந்தால் உட்காருவதே சிரமமாகிவிடும்.

சனிக்கிழமை காலை இருவரும் மூங்கில் கடைக்குப் போனார்கள். கேட்டது கல் மூங்கில். வறண்ட காட்டில் வளரும் இந்த வகையில் உள்ளே ஓட்டை மிகச் சிறிதாக இருக்கும், சில கழிகளில் ஓட்டையே இருக்காது. கடைக்காரர் கழிகளைப் புரட்டிக் காட்டினார். பச்சை மாறாமல் பளபளப்பாக இருப்பது இளசு. மேல்தோல் மங்கி, சாம்பல் திட்டுகள் படிந்திருப்பது முற்றியது. மூன்று, நான்கு வயதாவது ஆன மூங்கில்தான் கட்டுமானத்துக்கு ஆகும். ஊசி முனை அளவில் துளையும், தட்டினால் கொட்டும் வெள்ளை மாவும் கண்ணில் பட்டால் அந்தக் கழியைத் தொடவே கூடாது. மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்காக வண்டு உள்ளே புகுந்துவிட்டது என்று அதற்குப் பொருள். வெட்டிய மூங்கிலைக் குளத்தில் வாரக்கணக்கில் ஊறப்போடும் பழைய வழக்கம் அந்த மாவுச்சத்தைக் கரைப்பதற்குத்தான்.

இருபதடிக் கழி விடுதியின் மாடிப்படியில் திரும்பாது. அதனால் கடை வாசலிலேயே அளந்து அறுத்துக்கொண்டார்கள். கால்களுக்கு ஏழரை அடி, நீள விட்டங்களுக்கு ஏழடி. ஒவ்வொரு துண்டின் முனையும் கணுவை ஒட்டி இருக்கும்படி கடைக்காரர் அறுத்துக் கொடுத்தார். கணு உள்ள முனை பாரத்தில் நசுங்காது, எளிதில் பிளக்காது. பலகைக்குப் புதுமரம் வாங்கவில்லை. கான்கிரீட் வேலையில் கழித்துப்போட்ட ஒரு அங்குல சென்ட்ரிங் பலகைகளை வாங்கி, ஆணிகளைப் பிடுங்கி, சிமெண்ட்டைச் சுரண்டி, இரண்டரை அடித் துண்டுகளாக ஒன்பது எடுத்தார்கள்.

மதியம் வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முதல் சேதம். விட்டத்தைக் காலோடு சேர்த்து நான்கு அங்குல ஆணி அடித்தான் ஈரோட்டுக்காரன். மூன்றாவது அடியில் கழி முனையிலிருந்து அடுத்த கணுவரை வாய் பிளந்தது. மூங்கிலின் நார்கள் எல்லாம் நீளவாக்கில் ஓடுகின்றன. இழுத்தால் அசாத்திய பலம் காட்டும் அதே நார்களைப் பக்கவாட்டில் பிரிக்க ஓர் ஆணி போதும். அதற்கு மேல் ஆணியை எடுக்காமல் கயிற்றுக்கு மாறினார்கள்.

மாலைக்குள் நான்கு கால்களும் மேலே சட்டமும் நின்றன. பார்க்க மிடுக்காக இருந்தது. திருவாரூர்க்காரன் சட்டத்தில் தொங்கிப் பார்த்தான். ஒரு மூலையில் கட்டு சரசரவென்று இரண்டு அங்குலம் கீழே வழுக்கியது. அவன் இறங்கிய பிறகு ஈரோட்டுக்காரன் காலின் உச்சியை ஒரு கையால் தள்ளினான். மொத்தச் சட்டமும் ஒரு சாண் சாய்ந்து திரும்பி வந்தது.

பக்கத்து வளாகத்தில் புதுக் கட்டிடத்துக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவரை டீக்கடையில் பிடித்து அழைத்து வந்தார்கள். அவர் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, பாரத்தைக் கயித்துல தொங்க விட்டிருக்கீங்க. கயிறு புடிச்சுக்கத்தான். பாரம் கட்டை மேல உக்காரணும்.”

அவர் காட்டிய வழி எளிமையானது. ஒவ்வொரு காலோடும் ஒட்டினாற்போல், தரையிலிருந்து விட்டத்தின் அடிவரை எட்டும் இன்னொரு குட்டைக் கழியை நிறுத்தி, இரண்டையும் மூன்று இடங்களில் சேர்த்துக் கட்ட வேண்டும். விட்டம் அந்தக் குட்டைக் கழியின் தலையில் உட்காரும். தலை உருண்டையாக இருந்தால் விட்டம் உருளும் என்பதால் அதில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். பாரம் கழி வழியாக நேரே தரைக்குப் போய்விடுகிறது. கயிற்றுக்கு மிஞ்சும் வேலை, இரண்டும் விலகாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான்.

கட்டும் முறையையும் திருத்தினார். மூங்கிலின் தோல் வழவழப்பானது. அதனால் கட்டு விழும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பைக் கீறிச் சுற்றிக்கொண்டு, அதன் மேல் கயிறு போடச் சொன்னார். சேரும் இரு கழிகளையும் குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு சுற்று சுற்றிய பின், இரண்டு கழிகளுக்கும் நடுவே புகுந்து, போட்ட சுற்றுகளையே இறுக்கிப் பிடிக்கும்படி மேலும் இரண்டு சுற்று. பலரும் விட்டுவிடும் அந்தக் கடைசிச் சுற்றுகள்தான் கட்டை இறுக்குகின்றன.

ஆட்டத்துக்கு மருந்து வேறு. காலித் தீப்பெட்டியின் மேல்கூட்டைப் பக்கத்திலிருந்து அழுத்தினால் எதுவும் உடையாமலே சாய்ந்து படுத்துவிடும். நான்கு பக்கச் சட்டம் எதுவும் அப்படித்தான், மூலைகள் வளைந்து கொடுக்கும். மூலைக்கு மூலை ஒரு கழியைச் சாய்வாகக் கட்டினால் சட்டம் இரண்டு முக்கோணங்களாகிறது. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் வடிவம் மாறாது. விடுதிப் பரண்கள் விழுவது பெரும்பாலும் கழி முறிந்து அல்ல, இப்படிச் சாய்ந்துதான் என்பதால் சனிக்கிழமை இரவே அந்தப் பாடம் கிடைத்தது நல்லதாயிற்று.

ஞாயிறு காலை எல்லாவற்றையும் அவிழ்த்து மீண்டும் கட்டினார்கள். இரு பக்கக் குறுகிய முனைகளிலும் சுவரோரப் பின்புறத்திலும் சாய்வுக் கழி ஏறியது. முன்புறம் மேசைக்கு வழி வேண்டும், முழுச் சாய்வு போட முடியாது. அங்கே இரண்டு மேல் மூலைகளிலும் இரண்டடி நீளத்தில் கைத்தாங்கல் போலக் குட்டைச் சாய்வுகள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் மடித்த சாக்குகளைத் திணித்தார்கள், சுவரின் பெயிண்ட்டும் தப்பியது. கால்களுக்கு அடியில் டியூப் துண்டுகள் கட்டியதால் மொசைக் தரையில் வழுக்கவில்லை. இப்போது தள்ளிப் பார்த்தபோது கண்ணுக்குத் தெரிய எதுவும் அசையவில்லை.

அடுத்து விட்டம். ஈரோட்டுக்காரன் தாளில் கணக்குப் போட்டான். இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த ஒற்றைக் கல் மூங்கிலின் நடுவில் எழுபது கிலோ ஆள் நின்றால் அது உடையாது. ஆனால் முக்கால் அங்குலம் தொய்யும். உடையும் பயமில்லாவிட்டாலும் தொய்வு பலகைகளைத் தளர்த்தும், கட்டுகளை அசைக்கும். பின்பக்கம் நடுவில் ஒரு கூடுதல் கால் கொடுத்தார்கள். விட்டத்தின் தாங்கலிடை பாதியானால், நடுவில் நிற்கும் அதே பாரத்துக்குத் தொய்வு எட்டில் ஒரு பங்காகிவிடும். முன்பக்கம் கால் வைத்தால் முழங்காலில் இடிக்கும், அதனால் அங்கே இரண்டு மூங்கில்களை ஜோடியாகப் போட்டுத் தொய்வைப் பாதியாக்கினார்கள். பலகைகளின் அடியில், இரு விட்டங்களுக்கும் உட்புறமாக ரீப்பர் கட்டைகளை ஆணியடித்தார்கள். ஆணி பலகையில் மட்டும் இறங்கியது, மூங்கிலைத் தொடவில்லை. பலகை நழுவப் பார்த்தால் ரீப்பர் விட்டத்தில் முட்டி நிற்கும். கதவுப் பக்கக் கால்களுக்கு நடுவே குறுக்குக் கழிகள் கட்டியதில் ஏணியும் கிடைத்தது.

ஆள் ஏறுவதற்கு முன் தண்ணீர் ஏறியது. விடுதியில் இருந்த இருபது லிட்டர் கேன்கள் எட்டை நிரப்பிப் பரணில் வரிசையாக வைத்தார்கள். நூற்று அறுபது கிலோ, படுக்கையோடு ஒருவர் ஏறுவதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விட்டங்களின் உயரத்தைச் சுவரிலும் கால்களிலும் சாக்பீஸால் குறித்துவிட்டு, இரவு முழுவதும் அப்படியே விட்டு வெளியே வராந்தாவில் படுத்தார்கள். பாரம் ஏற்றியவுடன் தெரிவது பாதி உண்மைதான். கட்டு நழுவுவதும் மூங்கில் மெல்லத் தொய்வதும் பல மணி நேரம் கழித்தே தெரியும்.

காலையில் முன்விட்டம் கால் அங்குலம் இறங்கியிருந்தது, கணக்கோடு ஒத்துப்போயிற்று. வாசல் பக்க மூலையில் மட்டும் குறியிலிருந்து அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். கேன்களை இறக்கிவிட்டுப் பார்த்தால், குட்டைக் கழியின் தலையில் வெட்டிய பள்ளம் ஆழம் போதாமல் விட்டம் ஒரு பக்கமாகச் சறுக்கியிருந்தது. அதை வெட்டிச் சரிசெய்து, முதல் வகுப்புக்கு முன் மீண்டும் கட்டினார்கள்.

“மேல யாருடா?” என்று கேட்டதற்கு, எடை குறைந்தவன்தான் என்று சொல்லித் திருவாரூர்க்காரன் ஏறிக்கொண்டான். மேலே கொசுவர்த்தி கொளுத்தக் கூடாது என்பது இருவரும் சேர்ந்து போட்ட விதி. நாரும் மூங்கிலும் பலகையும் பஞ்சுமெத்தையும் ஒன்றாகக் கிடக்கும் இடம் அது.

மூன்றாவது வாரத்தில் கட்டுகள் தளர ஆரம்பித்தன. அவர்கள் எதிர்பார்த்ததுதான். கடையில் வாங்கும் மூங்கிலில் ஈரம் மிச்சமிருக்கும். காயக் காய அது விட்டத்தில் சுருங்கும், கயிறு சுருங்காது. ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்து மறுபடி இறுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனது. அப்போதே தரையைக் கூட்டியபோது பின்புற நடுக்காலின் அடியில் சிட்டிகை அளவு வெள்ளை மாவு கிடைத்தது. அந்தக் கழியை மட்டும் கழற்றிவிட்டு, கடையில் மீந்த துண்டைப் பொருத்தினார்கள்.