மூன்றாவது தொடுதல்

இரண்டு புள்ளிகளை இணைத்தால் எந்த சார்ட்டிலும் கோடு கிடைத்துவிடும். அதைச் சோதிப்பது மூன்றாவது தொடுதல்தான்.

ஒரு பங்கு முதல் வாரம் 100 ரூபாயிலும் ஐந்தாம் வாரம் 108 ரூபாயிலும் அடிதொட்டு மேலேறியது என்று வைத்துக்கொள்வோம். கோடு வாரத்துக்கு 2 ரூபாய் ஏறுகிறது. பத்தாம் வாரம் 118. விலை அங்கே இறங்கித் திரும்பினால் டிரெண்ட்லைன் உறுதியாகிறது. மூன்றாம் வார உச்சமான 114 வழியே இணைகோடு போட்டால் 10 ரூபாய் அகலச் சேனல் தயார்.

பதின்மூன்றாம் வாரம் கோடு 124இல் நிற்க, விலை 122 வரை சறுக்கி 125இல் முடிந்தால் கோட்டைத் தொட வேண்டாம். பலர் அவசரப்படுவது இங்கேதான்.

அடுத்தடுத்த வாரங்கள் கோட்டுக்குக் கீழேயே முடிந்து, பதினைந்தாம் வாரம் விலை 121இல் திரும்பினால் கதை வேறு. அடி இன்னும் உயர்ந்தே இருக்கிறது, வேகம்தான் குறைந்துவிட்டது. 100ஐயும் 121ஐயும் இணைத்துப் புதுக்கோடு போடலாம்; வாரத்துக்கு ஒன்றரை ரூபாய்தான் ஏற்றம். அடுத்த தொடுதல் வரும்வரை அது வெறும் உத்தேசம்.