நைட் மோடில் இரட்டையாகும் முகத்தைச் சீராக்குவது எப்படி

செல்போனின் நைட் மோடு ஒரே ஒரு படத்தை எடுப்பதில்லை. பட்டனை அழுத்தியதும் சில நொடிகளுக்குள் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, அவற்றின் சராசரியை ஒரே படமாகத் தருகிறது. 2018இல் கூகுள் பிக்சல் போன்களில் வந்த Night Sight அதிகபட்சம் 15 படங்கள் வரை இப்படிச் சேர்த்தது. அடுத்த ஆண்டு ஐபோன் 11இலும் நைட் மோடு வந்தது. இருட்டில் எடுத்த ஒற்றைப் படத்தில் மணலைத் தூவியதுபோல் புள்ளிகள் நிறைந்திருக்கும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் விழுவதால், ஒன்பது படங்களின் சராசரியை எடுத்தால் அவற்றின் வலிமை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இந்த வித்தைக்குள்ளேயே கோளாறும் இருக்கிறது. படங்களைப் பொருத்தும்போது மென்பொருள் ஒரு படத்தை அடிப்படையாக வைத்துக்கொள்கிறது. மற்றவற்றைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் அடிப்படைப் படத்தில் எங்கே பொருந்துகிறது என்று தேடுகிறது. பொருந்தாத கட்டத்தை ஒதுக்கிவிட வேண்டும். ஆனால் வெளிச்சம் மிகக் குறைவாக இருக்கும்போது, ஒரு வேறுபாடு புள்ளிகளால் வந்ததா, ஆள் அசைந்ததால் வந்ததா என்று மென்பொருளால் எளிதில் பிரித்தறிய முடியாது. முகத்தின் தோலோ வழவழப்பானது. பிடித்துப் பொருத்துவதற்கான அடையாளங்கள் அதில் குறைவு. ஆகவே தலை சற்றே திரும்பிய பிறகு எடுத்த இரண்டு மூன்று படங்களும் சராசரிக்குள் நுழைந்துவிடுகின்றன. நிறையப் படங்கள் ஒத்துப்போன இடத்தில் அழுத்தமான விளிம்பும், அதன் பக்கத்தில் வெளிறிய இன்னொரு விளிம்பும் தெரிகின்றன. இதைத்தான் கோஸ்டிங் என்கிறார்கள்.

திருத்தத் தொடங்குமுன் கோளாறு எந்த வகை என்று பார்க்க வேண்டும். பின்னணியில் உள்ள சுவரின் ஓரம், ஜன்னல் கம்பி போன்றவையும் அதே திசையில் இரட்டையாகத் தெரிந்தால் அசைந்தது கை. அவை கூர்மையாக இருந்து முகம் மட்டும் இரட்டித்திருந்தால் அசைந்தது ஆள். இந்தக் கட்டுரை சொல்லும் வழி இரண்டாவது வகைக்கு உரியது. முகத்தில் விளிம்புகளே தெளிவாக இல்லாமல் எல்லாம் கலங்கியிருந்தால் அது வேறு சிக்கல். அங்கே அழிப்பதற்கு இரண்டாம் விளிம்பு என்று தனியாக ஒன்று இருக்காது. எந்த வகையானாலும் ஷார்ப்னஸைக் கூட்டுவதுதான் பலரும் முதலில் செய்யும் தவறு. அது உண்மையான விளிம்பையும் போலி விளிம்பையும் ஒன்றுபோலத் தூக்கிக் காட்டும்.

ரா கோப்பு இருந்தால் தப்பித்துவிடலாம் என்ற எண்ணமும் பெரும்பாலும் பலிக்காது. பிக்சல் போன் தரும் டிஎன்ஜி கோப்பும், ஐபோனின் புரோரா கோப்பும் பல படங்களைச் சேர்த்து முடித்த பின் எழுதப்படுபவை. கோஸ்டிங் அவற்றிலும் இருக்கும். அதைவிட, அதே இடத்தில் அதே நேரத்தில் எடுத்த இன்னொரு படமோ வீடியோவோ இருக்கிறதா என்று தேடுவது நல்லது. அதில் புள்ளிகள் நிறைந்திருந்தாலும் கண்ணும் உதடும் ஒற்றையாக இருந்தால் போதும். அந்தப் பகுதியை மேல் லேயராக வைத்து, லேயர் முறையை Difference என்று மாற்றினால், சரியாகப் பொருந்திய இடங்கள் கறுப்பாகும். முகம் முடிந்தவரை கறுப்பாகும்வரை நகர்த்தி, சுழற்றி, அளவை மாற்றிவிட்டு, முறையை Normal ஆக்கி, நிறத்தைச் சரிசெய்து, மென்மையான மாஸ்க்கால் தேவையான இடத்தை மட்டும் வெளிக்காட்டலாம். இன்னொரு படம் கிடைத்தால் இதற்கு ஈடான வழி வேறில்லை. அதில் இருப்பது அந்த ஆளின் உண்மையான கண்.

கிடைக்காதபோது இருக்கும் படத்திலேயே வேலை செய்ய வேண்டியதுதான். 4000 பிக்சல் அகலமுள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்ளலாம். மொட்டைமாடியில் ஒரு பெண் நிற்கிறார்; படத்தின் இடப்பக்கம் ஒரே ஒரு பல்பு; பின்னால் இருட்டு. முகத்தின் அகலம் 600 பிக்சல். படம் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே அவர் தலையைப் படத்தின் வலப்பக்கமாகச் சற்றுத் திருப்பிவிட்டார். மூக்கு நுனியில் போலி விளிம்பு 10 பிக்சல் விலகியிருக்கிறது, கண்களில் 7, வலக் கன்னத்தின் வெளி ஓரத்தில் 4 மட்டுமே. தலை திரும்பும்போது கேமராவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குதான் அதிகமாக நகரும். இந்த ஏற்றத்தாழ்வால் முகம் முழுவதையும் ஒரே அளவில் நகர்த்திக் கழித்துவிடும் குறுக்குவழி பயன்படாது. ஒவ்வொரு இடத்தையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஃபோட்டோஷாப் இருந்தால் அதிலும், இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் GIMPஇலும் இந்த வேலையைச் செய்யலாம். மூலப்படத்தைத் தொடாமல் அதன் நகல் லேயரில் தொடங்க வேண்டும். முதலில் வெளி ஓரம். கன்னத்தை அடுத்த இருட்டில் வெளிறிய கோடு ஒன்று ஓடுகிறது. குளோன் கருவியை எடுத்து, அதன் முறையை Darken only என்று வைத்து, சற்றுத் தள்ளியுள்ள இருட்டிலிருந்து மாதிரி எடுத்து அந்தக் கோட்டின்மேல் தடவ வேண்டும். இந்த முறையில் மாதிரியைவிட வெளிச்சமான பிக்சல்கள் மட்டுமே மாறும். ஏற்கெனவே இருட்டாக உள்ளவை அப்படியே இருக்கும். வெளிச்சமான சுவருக்கு முன்னால் கூந்தலின் கருநிழல் இரட்டித்திருந்தால் இதற்கு நேர்மாறான Lighten only பயன்படும். பிரஷின் அளவு போலிக் கோட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். கன்னமும் இருட்டைவிட வெளிச்சமானதுதான் என்பதால் பிரஷ் அதன்மேல் ஏறினால் கன்னத்தையும் தின்றுவிடும். ஆகவே உண்மையான ஓரத்தை முதலில் தேர்வுக் கோட்டால் காத்துக்கொள்வது நல்லது. அந்தத் தேர்வின் ஓரத்தை 2 பிக்சல் அளவுக்கு மென்மையாக்க வேண்டும். இல்லையென்றால் முகம் கத்தரித்து ஒட்டியதுபோல் நிற்கும். கூந்தலின் நுனிகளைத் தொடாமல் விடலாம். இரட்டித்த முடி அடர்த்தியான முடியாகவே கண்ணுக்குப் படும்.

முகத்துக்குள்ளே வந்ததும் குளோன் கருவியைக் கீழே வைத்துவிட வேண்டும். அனுபவமுள்ளவர்களும் தொடக்கக்காரர்களும் பிரியும் இடம் இதுதான். கன்னத்திலோ மூக்கின் பக்கத்திலோ தெரியும் போலி விளிம்பு பெரும்பாலும் வெளிச்ச வேறுபாடு மட்டுமே. அதன் அடியில் தோலின் துளைகளும் மயிரிழைகளும் இருக்கின்றன. பிக்சல்களையே மாற்றினால் அவை போய், தோல் மெழுகாகிவிடும். வெளிச்சத்தை மட்டும் சரிசெய்தால் அவை தங்கும். Heal கருவியும் இங்கே கைகொடுக்காது; விரிந்த கன்னத்தில் அது நன்றாக வேலை செய்தாலும், மூக்கின் நிழல் ஓரம் போன்ற இடத்தில் பக்கத்து இருட்டை இழுத்துவந்து கறையாக்கிவிடும்.

எடுத்துக்காட்டுப் படத்தில் பல்பு இடப்பக்கம் இருப்பதால் மூக்கின் நிழல் வலக் கன்னத்தில் விழுகிறது. திரும்பிய மூக்கின் ஒளிபட்ட பகுதி அந்த நிழலுக்குள் ஒரு வெளிறிய பட்டையாகத் தெரிகிறது. நிழலுக்கு அப்பால், வெளிச்சமான கன்னத்தில், நகர்ந்த நிழலின் மங்கலான இருண்ட பட்டை. நகல் லேயரை இன்னொரு முறை நகலெடுத்து Curves மூலம் சற்று இருட்டாக்கி, முழுக் கறுப்பு மாஸ்க் போட்டு மறைத்துவிட்டு, Opacity 10 சதவீத வெள்ளைப் பிரஷால் வெளிறிய பட்டையின்மேல் மட்டும் மெதுவாகத் தடவ வேண்டும். ஒரே தடவலில் போகாது. பக்கத்து நிழலோடு கலக்கும்வரை அடுக்கடுக்காகத் தடவ வேண்டும். இதேபோல வெளிச்சமாக்கிய இன்னொரு லேயரால் இருண்ட பட்டையைக் கரைக்கலாம். உதட்டில் மட்டும் வெளிச்சத்தோடு நிறமும் சிந்தியிருக்கும்: உதட்டின் சிவப்பு பக்கத்துத் தோலில் லேசாகப் படிந்திருக்கும். அங்கே தோல் நிறத்தைத் தொட்டெடுத்து, HSL Color முறையில் குறைந்த Opacityயில் தடவினால் சிவப்பு போய், வெளிச்சமும் தோலின் தன்மையும் மாறாமல் இருக்கும்.

பார்ப்பவரின் பார்வை முதலில் போவது கண்களுக்கு. அதிக நேரம் பிடிப்பதும் அவைதான். இந்தப் படத்தில் கருவிழியின் விட்டம் ஏறத்தாழ 50 பிக்சல். அதில் பல்பின் ஒளிப்புள்ளி ஒன்று பளிச்சென்று இருக்க, 7 பிக்சல் தள்ளி மங்கலான இன்னொன்று தெரிகிறது. படம் முழுவதிலும் இரட்டை முகம் என்ற உணர்வை அதிகம் கொடுப்பது இந்தச் சிறு புள்ளிதான். பக்கத்துக் கருவிழியிலிருந்து மாதிரி எடுத்து Darken only முறையில் ஒரு முறை தொட்டால் அது மறையும். இமைக்கோட்டின் இரண்டாம் வரியை வெளிச்ச லேயரால் கரைக்க வேண்டும். கருவிழியின் வலப்பக்கம், விழிவெண்மையின்மேல் ஒரு சாம்பல் நிறப் பிறை படிந்திருக்கும். இடப்பக்கம் கருவிழிக்குள் ஒரு வெளிறிய பிறை இருக்கும். முதலாவதை வெளிச்சமாக்கி, இரண்டாவதை இருட்டாக்கினால் கருவிழி ஒற்றை வட்டமாகும். விழிவெண்மையை முழு வெள்ளையாக்கிவிடக் கூடாது. ஒரு கண் மோசமாகவும் மற்றது நன்றாகவும் இருந்தால், நல்ல கண்ணைத் திருப்பி ஒட்டும் ஆசை வரும். அப்படி ஒட்டினால் ஒளிப்புள்ளி தவறான பக்கத்துக்குப் போய்விடும். இடப்பக்கத்துப் பல்பு ஒரு கண்ணில் வலப்பக்கம் மின்னும். என்ன தவறு என்று சொல்லத் தெரியாதவர்களுக்கும் அந்தப் பார்வை சரியில்லை என்று பட்டுவிடும்.

திருத்தி முடித்ததும் படத்தை 100 சதவீத அளவில் வைத்து, திருத்திய லேயர்களை அணைத்தும் எரியவிட்டும் பார்க்க வேண்டும். குளோன் செய்த இடம் சுற்றுப்புறத்தைவிட வழவழப்பாகத் தெரிந்தால் அங்கே மட்டும் மிகக் குறைந்த நாய்ஸ் சேர்க்கலாம். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பதும் உதவும். நெடுநேரம் பார்த்துப் பழகியதால் கண்ணில் படாத கோணல்கள் அப்போது வெளிப்படும். ஷார்ப்னஸ் தேவையென்றால் இதற்குப் பிறகுதான், அதுவும் கொஞ்சமாக.

எவ்வளவு தூரம் திருத்துவது என்பது படம் போகும் இடத்தைப் பொறுத்தது. 4000 பிக்சல் அகலப் படம் செல்போன் திரையின் 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கும்போது, 7 பிக்சல் விலகல் 2 பிக்சலுக்கும் குறைந்துவிடும். ஒளிப்புள்ளியையும் வெளி ஓரத்தையும் திருத்தினாலே போதும். 6 அங்குல அகலத்தில் அச்சிட்டால் அதே விலகல் கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கையில் வைத்து உற்றுப் பார்த்தால் தெரியும் என்பதால் இமைக்கோட்டையும் மூக்கையும் விட முடியாது. பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டுமானால் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும்.

இரண்டு விளிம்புகளும் ஒரே வலிமையில் இருந்து, விலகல் கருவிழியின் பாதி அகலத்தைத் தாண்டிவிட்டால் இந்த வழி உதவாது. எந்த விளிம்பு உண்மை என்று முடிவுசெய்ய அங்கே ஆதாரம் இல்லை. கண்ணுக்குள் இரண்டு நிலைகளின் விவரங்களும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும். ஒன்றைத் தேர்ந்து மற்றதை அழிக்க முயன்றால் திருத்துபவர் தன் கற்பனையில் ஒரு கண்ணை வரைய வேண்டியிருக்கும். அது அந்த ஆளின் கண்ணாக இருக்காது. அத்தகைய படத்தில் வெளி ஓரத்தை மட்டும் சுத்தம்செய்து, சிறிய அளவிலேயே பயன்படுத்துவது சரி.