ஆடி அமாவாசைப் படித்துறையில் ஒலிப்பதிவு

திருவரங்கம் தீவின் தென்கரையில் காவிரியை ஒட்டி அமைந்திருக்கிறது அம்மா மண்டபம் படித்துறை. ஆடி அமாவாசையன்று முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய விடியும் முன்பே இங்கே மக்கள் வந்து சேர்கிறார்கள். அந்தச் சடங்கில் வாத்தியார் சொல்லும் மந்திரத்தையும், கர்த்தா அதைத் திருப்பிச் சொல்வதையும் தெளிவாகப் பதிவு செய்ய நினைப்பவரை மூன்று இரைச்சல்கள் எதிர்கொள்கின்றன: மேற்கிலிருந்து ஓயாமல் வீசும் ஆடிக் காற்று, தோளோடு தோள் உரசும் கூட்டத்தின் பேச்சு, கம்பங்களில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளின் பாட்டும் அறிவிப்பும். மூன்றும் மூன்று விதமான தொல்லைகள். ஒன்றுக்குச் செய்யும் பரிகாரம் மற்றொன்றுக்கு உதவாது.

காற்றுத் தொல்லை என்று நாம் சொல்வது காற்றின் ஓசையை அல்ல. மைக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டின் மேல் காற்று மோதிச் சுழலும்போது உண்டாகும் அழுத்த மாற்றங்களே புடுபுடுவென்ற சத்தமாகப் பதிவாகின்றன. அருகில் நிற்பவர் காதுக்கு அந்தச் சத்தம் கேட்காது. பதிவில் மட்டுமே இருக்கும். அதன் பலம் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அடித்தொனியில் குவிந்திருக்கிறது. மந்திரச் சொற்களைப் புரியவைக்கும் மெய்யொலிகள் ஏறத்தாழ 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இருப்பதால், காற்றின் பெரும்பகுதியை வெட்டி எறிந்தாலும் பேச்சு பிழைத்துவிடும். மூன்று தொல்லைகளில் காற்றை மட்டும்தான் இப்படிப் பிரித்தெடுக்க முடியும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. காற்றின் அடி பதிவுக் கருவியின் தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டால், அந்தக் கணத்தில் குரலும் சேர்ந்து நசுங்கிப்போகும். பின்னால் கணினியில் எத்தனை வடிகட்டினாலும் அது திரும்பாது. பதிவை வரைபடமாகப் பார்க்கும்போது அலைகளின் தலை கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அதனால் காற்றை மைக்கின் வாசலிலேயே தடுப்பது முதல் வேலை. மைக்கோடு வரும் பஞ்சு உறை வீட்டுக்குள் மூச்சுக்காற்றைத் தடுக்கப் போதும்; ஆடிக் காற்றுக்கு அது போதாது. பஞ்சுக்கு மேல் நீண்ட மயிர் கொண்ட ரோம உறையையும் மாட்ட வேண்டும். படப்பிடிப்புக் குழுவினர் இதை ‘டெட் கேட்’ என்பார்கள். மயிரிழைகள் காற்றின் வேகத்தைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடுவதால் உள்ளே காற்று அமைதியாகிவிடுகிறது. இந்த உறை நனைந்தால் மயிர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பயனற்றுப் போகும். படித்துறையில் நீர் தெறிக்காத நிமிடமே கிடையாது என்பதால் உலர்ந்த உறை ஒன்று பையில் கூடுதலாக இருப்பது அவசியம்.

அடுத்தது ‘லோ கட்’ எனப்படும் அடித்தொனி வடிகட்டி. மைக்கிலோ பதிவுக் கருவியிலோ இதற்கான விசை இருந்தால் 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் வைக்கலாம். உட்காரும் இடமும் கைகொடுக்கும். தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு. ஆகவே நின்றுகொண்டு கையை நீட்டிப் பிடித்த மைக்கைவிடப் படியில் உட்கார்ந்தவர் மார்பளவில் இருக்கும் மைக் குறைவாகவே அடி வாங்கும். மேற்குப் பக்கத்தில் உதவியாளர் ஒருவர் நெருங்கி உட்கார்ந்துகொண்டால் அவர் உடம்பே நல்ல தடுப்பு. குடை பிடித்து மறைப்பது வேண்டாம். அதன் துணி படபடத்துப் புதிய சத்தத்தைச் சேர்க்கும்.

கூட்டத்தின் இரைச்சல் வேறு வகை. அது ஒரு திசையிலிருந்து வருவதில்லை. எல்லாப் பக்கமும் சூழ்ந்திருக்கிறது. பக்கத்துக் குடும்பத்தின் வாத்தியார் சொல்லும் மந்திரமும் நாம் பதியும் மந்திரமும் ஒரே சுருதி, ஒரே சொற்கள். முன்பக்க ஒலியை மட்டும் வாங்கும் கார்டியாய்டு மைக்கூடச் சுற்றிலும் பரவிய இரைச்சலை ஏறத்தாழ 5 டெசிபல்தான் குறைக்கும். இங்கே உண்மையான மருந்து நெருக்கம்தான். வெட்டவெளியில் மைக்குக்கும் வாய்க்கும் இடையிலான தூரம் பாதியாகும்போதெல்லாம் குரலின் அளவு 6 டெசிபல் உயரும். சுற்றிலும் உள்ள இரைச்சலோ அப்படியே இருக்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று பிடித்த மைக்கை 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் குரலுக்குக் கிடைக்கும் சாதகம் 20 டெசிபல். எவ்வளவு விலையுயர்ந்த நீள மைக்கும் இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து இதைத் தர முடியாது.

அதனால்தான் படித்துறைக்குப் பொருத்தமான கருவி சட்டையில் குத்தும் சிறிய காலர் மைக். அது பெரும்பாலும் எல்லாத் திசையிலும் கேட்கும் வகை. கூட்டத்தில் இது பலவீனம்போலத் தோன்றினாலும், திசை பார்க்கும் மைக்குகளைவிடக் காற்றுக்கு மிகக் குறைவாகவே அசைந்துகொடுக்கும் வகையும் இதுதான். வாத்தியார் சட்டை அணிந்திருக்க மாட்டார் என்பதால் மைக்கை எங்கே பொருத்துவது என்பதுதான் சிக்கல். பூணூலில் மாட்டவே கூடாது. பிதுர் காரியத்தில் பூணூலை வலத்தோளுக்கு மாற்றிக்கொள்வார்கள். சங்கல்பத்தின்போது ஓரிடம், தர்ப்பணத்தின்போது வேறிடம் என்று மைக் இழுபடும், உடம்பில் உரசும். அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொள்பவராக இருந்தால் அதுவும் பயன்படாது. மருத்துவப் பிளாஸ்திரியை இரண்டு துண்டாக நறுக்கி, மைக்கைக் கழுத்துக்குழிக்கு ஒரு சாண் கீழே மார்பில் ஒட்டி, கம்பியைச் சிறு வளையமாக விட்டு இன்னொரு துண்டால் ஒட்டினால் இழுப்பு மைக்கை எட்டாது. வியர்வையைத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். இதெல்லாம் முந்தின நாளே அவரிடம் பேசி, அவர் மனமுவந்து சம்மதித்த பிறகே செய்யத்தக்கது. சடங்கு தொடங்கும் நேரத்தில் போய்க் கேட்பது அவருக்கும் கர்த்தாவுக்கும் செய்யும் அநீதி.

கம்பியில்லா மைக்கை நம்புவதில் ஆபத்து இருக்கிறது. அவற்றில் பலவும் கைபேசிகளின் வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இயங்குகின்றன. ஆயிரக்கணக்கான கைபேசிகளும், அலைகளை உறிஞ்சும் மனித உடம்புகளும் நிறைந்த படியில் தொடர்பு அறுந்து அறுந்து வரும். காலர் மைக்கின் கம்பியைச் சிறிய பதிவுக் கருவியில் நேரே செருகி, அதை நீர் புகாத உறையில் போட்டு இடுப்பு மடிப்பில் செருகிவிடுவது பாதுகாப்பு. தனிக் கருவி இல்லாதவர்கள் பழைய கைபேசி ஒன்றை ஃபிளைட் மோடில் வைத்து அதே வேலையை வாங்கலாம்.

மூன்றாவதான ஒலிபெருக்கிதான் மிகக் கடினம். குழாய் ஒலிபெருக்கி அடித்தொனியை விட்டுவிட்டு மனிதக் குரல் வாழும் பகுதியை மட்டும் உரக்கத் தள்ளுவது. ஆகவே அதன் அறிவிப்பும் வாத்தியாரின் குரலும் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. எந்த வடிகட்டியும் ஒன்றை விட்டு மற்றொன்றை எடுக்காது. இங்கே துணை திசை மட்டுமே. குழாய் தன் வாய் பார்க்கும் பக்கம் மிக உரக்கவும், பக்கவாட்டில் மெதுவாகவும் ஒலிக்கும். கார்டியாய்டு மைக்குக்கோ நேர் பின்பக்கம் செவிடு. குழாயின் வாய் பார்க்காத இடத்தைத் தேர்ந்துகொண்டு, மைக்கின் முதுகைக் குழாய்க்குக் காட்டுவதுதான் உத்தி.

அம்மா மண்டபத்தில் இதைச் செய்து பார்ப்பது எப்படி என்று ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். தர்ப்பணம் செய்பவர் தெற்கு நோக்கி, அதாவது ஆற்றைப் பார்த்து உட்காருவார். ஒலிபெருக்கி மண்டபத்துப் பக்கம், வடக்கே கட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கர்த்தாவின் எதிரே ஆற்றுப்பக்கப் படியில் வடக்கு நோக்கி வாத்தியார் உட்கார்ந்தால், அவர் முகத்தைப் பார்க்கும் மைக் தெற்கே திரும்பியிருக்கும். அதன் முதுகு தானாகவே ஒலிபெருக்கியைப் பார்க்கும். வாத்தியார் கர்த்தாவின் பக்கத்தில் அதே திசை நோக்கி உட்கார்ந்தாலோ மைக் வடக்கே திரும்பி ஒலிபெருக்கியை நேரே வாங்கும். அப்படியானால் கார்டியாய்டை விட்டுவிட்டுக் காலர் மைக்கையே முழுதாக நம்ப வேண்டியதுதான். எதிரே உட்காரும் வழக்கம் உள்ள வாத்தியாருக்கு இரண்டையும் வைக்கலாம்: மார்பில் காலர் மைக், அரை மீட்டர் தள்ளித் தரையில் குட்டை முக்காலியில் கார்டியாய்டு, இரண்டுக்கும் ரோம உறை. காற்று எழும்பும் நிமிடங்களில் முதலாவது காப்பாற்றும். அறிவிப்பு உரத்துவரும் நிமிடங்களில் இரண்டாவது.

மண்டபத்துக்குள் உட்கார்ந்தால் காற்று குறையும் என்று தோன்றும். குறையும்தான். ஆனால் கல் கூரையிலும் தூண்களிலும் ஒலிபெருக்கியின் சத்தம் பட்டுத் தெறித்து நாலாபுறமும் வரும். மைக்கின் முதுகைத் திருப்பியும் பலனிராது. திறந்த படியே மேல். காற்றின் போக்கையும் கவனிக்க வேண்டும்: காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கத்து ஒலிபெருக்கி தொலைவில் இருந்தாலும் தரையை நோக்கி வளைந்து வந்து பலமாகக் கேட்கும். மேற்கே உள்ள குழாயை அஞ்ச வேண்டிய அளவு கிழக்கே உள்ளதை அஞ்ச வேண்டியதில்லை.

நேரமும் பெரிய உதவி. பொது இடங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் பொது நெறி. தரைக்காற்றும் விடியற்காலையில்தான் தணிந்திருக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் கூட்டமும் அறிவிப்பும் சேர்ந்தே ஏறும். அன்றைய முதல் சில தர்ப்பணங்களில் ஒன்றைப் பதிய முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

அலையடிக்கும் கடற்கரையில் அலையோசை கூடுதலாகச் சேர்கிறது. அது அடித்தொனி மட்டுமல்ல, சொல்லின் மெய்யொலிகள் வரை பரந்த இரைச்சல். அதற்கும் நெருக்கமே பதில். உப்புச் சாரல் மைக்கின் துளைகளை அடைக்கும் என்பதால் பதிவு முடிந்ததும் உறையை நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.

சடங்கு தொடங்குமுன் ஒரு நிமிடம் பதிந்து, காதை முழுதும் மூடும் ஹெட்ஃபோனில் திருப்பிக் கேட்பது தவிர்க்கக் கூடாத வேலை. குரல் இல்லாதபோதும் அளவுமானி துள்ளினால் காற்று உள்ளே வருகிறது. வாத்தியார் உரக்கச் சொல்லும்போது மானி மைனஸ் 12-ஐத் தாண்டாமல் வைத்தால் திடீர் அடிக்கும் இடம் இருக்கும். யாரும் பேசாத பதினைந்து இருபது நொடிகளையும் தனியே பதிந்துகொள்வது நல்லது. ஆடாசிட்டியில் `Noise Reduction` பயன்படுத்தும்போது ஆற்றின் இரைச்சல், ஜெனரேட்டர் உறுமல் போன்ற மாறாத ஓசைகளுக்கு அதுவே மாதிரி. குறைக்கும் அளவை 6 முதல் 10 டெசிபலோடு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலாகிவிடும். மிஞ்சிய காற்றுக்கு `High-Pass Filter`-ஐ 100 ஹெர்ட்ஸில் வைக்கலாம். மாறிக்கொண்டே இருக்கும் பாட்டையும் அறிவிப்பையும் இந்த வழியில் நீக்க முடியாது.

சங்கல்பத்தில் கோத்திரமும் மூன்று தலைமுறைப் பெயர்களும் வருகின்றன. பக்கத்துக் குடும்பத்தின் பெயர்கள் பதிவில் தெளிவாக விழுந்திருந்தால் வெளியிடுமுன் அந்த இடங்களை மௌனமாக்கிவிட வேண்டும். அறிவிப்பு முழுதாக விழுங்கிவிட்ட மந்திரத்தை வாத்தியாரின் வீட்டில் பிறகு சொல்லச் செய்து பதியலாம். அதைப் படித்துறைப் பதிவுக்குள் ஒட்டாமல் தனிக் கோப்பாக, இடமும் தேதியும் எழுதி வைப்பதே முறை.