மாவு மில் பெல்ட்டுக்கு என்ன நீளம்?

அறுந்த பெல்ட்டை நூல் பிடித்து அளந்து கடைக்குப் போகாதீர்கள். ஓடி ஓடி நீண்டுபோன பெல்ட் அது, அளவு தவறும். கணக்குப் போட்டு வாங்குவதே நல்லது.

ஒரு மாவு மில்லில் மோட்டார் புல்லி 100 மி.மீ., மில் புல்லி 300 மி.மீ., இரண்டு தண்டுகளின் மையங்களுக்கும் இடையே 600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

மேலும் கீழும் ஓடும் நேர்ப்பகுதிக்கு மைய தூரத்தின் இருமடங்கு, 1200. புல்லிகளைச் சுற்றும் பகுதிக்கு இரண்டு விட்டங்களின் கூட்டல் 400ஐ 1.57ஆல் பெருக்கினால் 628. இத்துடன் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு புல்லி பெரிதாக இருப்பதால் பெல்ட் சாய்வாக ஓடுகிறது. அதற்கும் நீளம் வேண்டும். விட்ட வித்தியாசம் 200இன் வர்க்கம் 40,000. அதை மைய தூரத்தின் நான்கு மடங்கான 2400ஆல் வகுத்தால் 17. மொத்தம் 1845 மி.மீ.

வி-பெல்ட்டில் விட்டத்தைப் புல்லியின் வெளி விளிம்பில் எடுக்கக் கூடாது. காடிக்குள் பெல்ட் பதிந்து ஓடும் மட்டத்தில் எடுக்க வேண்டும். பெல்ட்டின் மேல் அச்சிட்டிருப்பதோ உள்சுற்று, அதுவும் அங்குலத்தில். ஏ ரகத்துக்குச் சுமார் 35 மி.மீ. கழித்தால் 1810, அதாவது 71 அங்குலம். கடையில் ‘ஏ 71’ என்று கேளுங்கள். மிச்சமிருக்கும் சிறு வித்தியாசத்தை மோட்டாரை நகர்த்திச் சரிசெய்துவிடலாம்.