வரிசை எண் சொல்லும் உண்மை

மாணவ நண்பர்களே, சிறிய கணக்கு ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் எண்கள் பத்தே பத்துதான்.

ஒரு வகுப்பில் பத்து மாணவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சீட்டுக் குலுக்கி அவர்களை ஐவர் ஐவராக இரு குழுக்களாகப் பிரிக்கின்றோம். வடிவியற் கணக்கை முதலிற் படம் வரைந்து பார்த்துப் பின்னர் விடை காணுமாறு ஒரு குழுவிற்குக் கற்பிக்கின்றோம். மற்றக் குழுவிற்குச் சூத்திரத்தை நேரே கொடுத்துவிடுகின்றோம். பின்பு எல்லார்க்கும் ஒரே கணக்கைத் தந்து, விடை காண ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறிக்கின்றோம். விளக்கத்திற்காக நானே அமைத்த எண்கள் இவை. படம் வரைந்த குழுவினர்க்கு 4, 5, 6, 7, 9 நிமிடங்கள். சூத்திரக் குழுவினர்க்கு 8, 10, 11, 12, 60 நிமிடங்கள்.

அந்த அறுபதைக் கவனியுங்கள். ஆசிரியத் தொழிலில் இருந்தவர்க்கு அது வியப்பளிக்காது. விடை காணும் நேரம் சுழியத்திற்குக் கீழே போக முடியாது; மேலே போவதற்கோ வரம்பில்லை. ஒரு பையன் தவறான வழியிற் புகுந்துவிட்டால் ஒரு மணி நேரமும் அதிலேயே கழியும். எனவே இத்தகைய அளவுகள் பெரும்பாலும் ஒரு பக்கம் குவிந்து, மறுபக்கம் நீண்ட வாலோடு அமையும். வருவாயும், ஒருநாள் மழையளவும், நோயாளி மருத்துவமனையில் தங்கும் நாட்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. இதனை ஒருபக்கச் சாய்வு என்போம்.

இரு குழுக்களின் வேறுபாடு உண்மையானதா, தற்செயலாய் நேர்ந்ததா என்று காண மாணவர் முதலிற் கற்பது டி-சோதனை. டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவடிசாலையிற் பணிபுரிந்த கோசெட் என்பவர் 1908-ஆம் ஆண்டில், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில், இதற்கு அடிப்படையான கட்டுரையை வெளியிட்டார். மாணவன் என்று பெயர் சூட்டிக்கொண்டு உலகத்து மாணவர்க்கெல்லாம் ஆசிரியரானவர் அவர்! அவருடைய முறை சிறிய மாதிரிகளுக்காகவே ஏற்பட்டது. ஆனால் அளவுகள் மணி வடிவான இயல்நிலைப் பரவலிலிருந்து வந்தவை என்ற கருதுகோளின்மேல் நிற்பது.

சோதனையின் கருத்து எளியது. இரு சராசரிகளின் வேறுபாட்டை மேலே இடுகின்றோம். அவ்வேறுபாடு தற்செயலால் எவ்வளவு அசையக்கூடும் என்ற மதிப்பீட்டைக் கீழே இட்டு வகுக்கின்றோம். ஐவரும் ஐவருமாக உள்ள ஒப்பீட்டில் ஈவு 2.306-ஐத் தாண்டினால், நூற்றுக்கு ஐந்து என்னும் வழக்கமான அளவுகோலின்படி வேறுபாட்டைப் பொருளுடையதாகக் கொள்வர்.

நம் எண்களுக்கு இதனைச் செய்து பார்ப்போம். முதற் குழுவின் சராசரி 6.2, இரண்டாவதன் சராசரி 20.2; வேறுபாடு 14 நிமிடம். கீழே வரும் எண்ணோ ஏறத்தாழ 10. ஈவு 1.40. ஆகவே, வேறுபாடு இருப்பதாகச் சொல்ல இடமில்லை என்று சோதனை தீர்ப்பளிக்கின்றது.

இப்போது ஒரு சிறு மாற்றம் செய்வோம். அறுபது நிமிடம் எடுத்த மாணவன் 13 நிமிடத்தில் முடித்துவிட்டான் என்று கொள்வோம். மற்ற ஒன்பது எண்களும் அப்படியே இருக்கட்டும். இரண்டாம் குழுவின் சராசரி 10.8 ஆகக் குறைகின்றது. குழுக்களின் வேறுபாடு 4.6 நிமிடமாகச் சுருங்குகின்றது. ஆனால் ஈவோ 3.78 ஆக உயர்கின்றது! வேறுபாடு பதினான்காக இருந்தபோது இல்லை என்ற சோதனை, ஐந்துக்கும் கீழே இறங்கியபோது உண்டு என்கின்றது. சூத்திரக் குழுவின் கடைசி மாணவன் இன்னும் மோசமாகச் செய்தால், அக்குழு பின்தங்கியது என்பதற்கான சான்று வலுவிழக்கின்றது. இது நியாயமாகப் படுகின்றதா?

காரணம் கீழே உள்ள எண்ணில் இருக்கின்றது. அது சராசரியிலிருந்து ஒவ்வோர் அளவும் விலகும் தொலைவை வர்க்கப்படுத்திச் சேர்ப்பதால் வருவது. அறுபது என்ற ஒரே எண் சராசரியைச் சிறிது இழுக்கின்றது. சிதறலையோ வர்க்கமாகப் பெருக்கிவிடுகின்றது. நம் கணக்கில் இரண்டாம் குழுவின் விலக்கவர்க்க சராசரி 3.7-இலிருந்து 497.2-க்குத் தாவுகின்றது. ஒருவன் செய்த குழப்பம் ஒன்பதின்மர் சாட்சியத்தையும் மூழ்கடிக்கின்றது. அறுபதை நீக்கிவிடலாமே என்று சிலர் சொல்வர். அந்த மாணவன் உண்மையில் அங்கே அமர்ந்து அவ்வளவு நேரம் போராடினான். நமக்கு வசதியில்லை என்பதற்காக அவனை வகுப்பை விட்டு வெளியேற்ற நமக்கு உரிமையில்லை.

வேறு வழி என்ன? நிமிடங்களை மறந்துவிட்டுப் பத்துப் பேரையும் ஒரே வரிசையில் நிறுத்துவோம். விரைவில் முடித்தவனுக்கு 1. கடைசியில் முடித்தவனுக்கு 10. முதற் குழுவினர் பெறும் வரிசை எண்கள் 1, 2, 3, 4, 6. எட்டு நிமிடத்தில் முடித்த சூத்திரக் குழு மாணவன் ஒருவன் இடையிற் புகுந்து ஐந்தாம் இடத்தைப் பிடித்துக்கொண்டான். முதற் குழுவின் வரிசை எண்களைக் கூட்டினால் 16 வருகின்றது. கடைசி மாணவன் 13 நிமிடம் எடுத்தாலும் 60 நிமிடம் எடுத்தாலும் அவனுக்குரிய எண் பத்துதான், கூட்டுத்தொகை மாறாது. மணி அடித்தும் அவன் முடிக்கவில்லை, எப்போது முடித்திருப்பான் என்பதே தெரியாது என்றாலும் அவனுக்குப் பத்தாம் இடத்தைக் கொடுத்துவிடலாம். அந்நிலையில் சராசரியைக் கணக்கிடவே முடியாது என்பதை நினைவிற் கொள்க.

இந்தப் பதினாறு தற்செயலாய் வந்திருக்குமா? இங்கே மணி வடிவப் பரவல் எதுவும் வேண்டுவதில்லை. எண்ணத் தெரிந்தாற் போதும். கற்பித்த முறையால் எவ்வித மாற்றமும் இல்லையென்று கொண்டால், பத்து இடங்களில் எந்த ஐந்து முதற் குழுவிற்கு வாய்க்கின்றன என்பது வெறும் குலுக்கலே. பத்திலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 252. யாவும் ஒரே வாய்ப்புடையவை. அவற்றுள் மிகச் சிறிய கூட்டுத்தொகை 15. அது 1, 2, 3, 4, 5 என்ற ஒரே வழியில்தான் வரும். பதினாறு, 1, 2, 3, 4, 6 என்ற ஒரே வழியில்தான் வரும். எனவே பதினாறோ அதற்குக் குறைவோ வருவன இரண்டு. மறுபுறத்தில், சூத்திரக் குழுவே இதே அளவு முந்தியிருந்தால் முதற் குழுவிற்கு 40 அல்லது 39 வந்திருக்கும், அவையும் இரண்டு. ஆக 252-இல் 4, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 1.6. ஐந்து என்ற அளவுகோலுக்கு மிகவும் கீழே. வேறுபாடு தற்செயல் என்று கருதுவது கடினம்.

இம்முறையை 1945-இல் வெளியிட்டவர் பிராங்க் வில்காக்சன். இவர் கணித மேதையாகப் பெயர் பெற்றவர் அல்லர். அமெரிக்க நிறுவனமொன்றிற் பணியாற்றிய வேதியியலார். இரண்டாண்டுகள் கழித்து, 1947-இல், மான், விட்னி என்னும் இருவர் இதே சோதனையை வேறொரு வாயிலாக வந்தடைந்தனர். அவர்கள் வழி மாணவர்க்கு இன்னும் தெளிவாக இருக்கும் என்பது என் எண்ணம். ஒரு குழுவிலிருந்து ஒருவனையும் மறு குழுவிலிருந்து ஒருவனையும் இணையாக நிறுத்துங்கள். மொத்தம் 25 இணைகள். அவற்றுள் 24-இல் படம் வரைந்தவனே முந்துகின்றான்; ஒன்பது நிமிடக்காரன் எட்டு நிமிடக்காரனோடு மோதும் ஓர் இணையில் மட்டும் தோற்கின்றான். சோதனையின் முடிவைப் பிறர்க்கு எடுத்துச் சொல்லும்போது இந்த 'இருபத்தைந்தில் இருபத்துநான்கு' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எவ்வளவு வேறுபாடு என்பது அதனால்தான் விளங்கும்.

நிமிடங்களை எறிந்துவிட்டு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டால் செய்தி வீணாகாதா என்று கேட்கலாம். வீணாகின்றதுதான்; ஆனால் இழப்பு எதிர்பார்ப்பதைவிடச் சிறியது. அளவுகள் உண்மையிலேயே மணி வடிவில் இருந்தால், பெரிய மாதிரிகளில், டி-சோதனை 100 பேரைக் கொண்டு காண்பதை வரிசைச் சோதனை காண ஏறத்தாழ 105 பேர் தேவை. வால் மிக நீண்டிருக்கும்போதோ நிலைமை தலைகீழாகி, வரிசைச் சோதனைக்கே குறைந்த எண்ணிக்கை போதுமாகிவிடும்.

ஆயினும் மாதிரி மிகச் சிறிதானால் இச்சோதனை வாய் திறக்காது. மூவரும் மூவருமாக வைத்துப் பாருங்கள். ஆறிலிருந்து மூன்றைத் தேரும் வழிகள் 20. ஒரு குழு முழுவதும் மறு குழுவை முந்தினாலும், இரு பக்கமும் சேர்த்து 20-இல் 2, நூற்றுக்குப் பத்து. எவ்வளவு தெளிவான வேறுபாடாயினும் ஐந்து என்ற அளவுகோலை எட்டவே இயலாது. நால்வரும் நால்வருமானால் 70-இல் 2, நூற்றுக்கு மூன்றுக்கும் சற்றுக் குறைவு. அப்போதுதான் வாசல் திறக்கின்றது. சோதனையைத் தொடங்குமுன் இதனைக் கணக்கிட்டுப் பாராமல், முடிந்தபின் 'வேறுபாடு இல்லை' என்று எழுதுவோர் உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு தேடிவிட்டுப் பொருள் இல்லையென்று சொல்வதற்கு அது ஒப்பாகும்.

இருவர் ஒரே நேரத்தில் முடித்தால், அவர்கள் பெறவேண்டிய இடங்களின் சராசரியை இருவர்க்கும் கொடுப்பது வழக்கம். நான்காம், ஐந்தாம் இடங்களுக்கு இருவர் சமமாக நின்றால் ஆளுக்கு 4.5. ஓரிரு சமங்களால் தீங்கில்லை. ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டதுபோல் எங்கும் சமங்களே மலிந்திருந்தால், நூல்களில் உள்ள அட்டவணை பொருந்தாது. அந்தச் சமங்களோடேயே எல்லா வழிகளையும் எண்ண வேண்டும். இன்று கணிப்பொறி அதை நொடியிற் செய்துவிடும். ஆனால் ஒருவனைப் பார்த்து மற்றவன் எழுதியிருந்தால் எந்தக் கணிப்பொறியும் உதவாது. ஒருவர் அளவு மற்றவர் அளவைச் சாராதிருத்தல் இரு சோதனைகளுக்குமே தேவை.

எந்தச் சோதனை என்பதை எப்போது முடிவு செய்வது? ஐந்து எண்களை உற்றுப் பார்த்து அவை மணி வடிவினவா, சாய்ந்தவையா என்று அறிய இயலாது. அதற்கென்றே உள்ள சோதனைகளும் இவ்வளவு சிறிய மாதிரியில் அநேகமாக ஒன்றும் கண்டுபிடிப்பதில்லை. அளவின் இயல்பிலிருந்தே அறிதல் வேண்டும். நேரத்தை அளக்கப் போகின்றோம், அதற்கு வால் உண்டு என்று முன்கூட்டியே தெரிந்தால் வரிசைச் சோதனையை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். இரண்டையும் செய்து, நமக்கு உகந்த விடையைத் தந்ததை வெளியிடுவது, இரு பரீட்சை எழுதி நல்ல மதிப்பெண்ணை மட்டும் தந்தையிடம் காட்டுவது போன்றது.

இன்னொன்று. வரிசைச் சோதனை சராசரியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பொதுவாக எந்தக் குழுவினர் முந்துகின்றனர் என்பதே அதற்குரிய கேள்வி. சில இடங்களில் நமக்கு வேண்டியது அதுவாக இராது. சூத்திரக் குழுவின் ஐவரையும் மேற்பார்க்க ஓர் ஆசிரியரை நியமித்து, ஒருவர் பின் ஒருவராக அவர்கள் முடிக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டுமென்றால், அவர் செலவிடும் நேரம் 101 நிமிடம். படம் வரைந்த குழுவிற்கு 31 நிமிடம். கால அட்டவணை போடுபவர்க்கு அந்த அறுபது மறைக்கத்தக்க எண்ணன்று. அவர் சராசரியைத்தான் கேட்பார். அவர் கேள்விக்கு, இன்னும் பல மாணவர்களை அளந்த பிறகே விடை கிடைக்கும்.