பதினான்கு படங்களில் எதைத் திருத்துவது?

செல்போனில் பர்ஸ்ட் முறையில் படம் எடுத்தால், ஒரே காட்சிக்குப் பத்துப் பதினைந்து படங்கள் வந்து நிற்கும். பலர் இவற்றில் சிரிப்பு நன்றாக இருக்கும் ஒன்றைத் திறந்து, உடனே பிரைட்னஸைக் கூட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: எந்தக் குறையை எடிட்டிங்கில் சரி செய்ய முடியாது? படம் சற்று இருட்டாக இருக்கலாம், மஞ்சளடித்திருக்கலாம், சாய்ந்திருக்கலாம், ஓரத்தில் யாரோ நிற்கலாம். இவையெல்லாம் சில நிமிட வேலை. ஆனால் கை ஆடி எடுத்த படத்தையும், ஃபோகஸ் தவறிய முகத்தையும், வெளுத்துப்போய் வெறும் வெள்ளையான நெற்றியையும் முழுமையாக மீட்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், இந்தக் குறைகள் மானிட்டரில் எளிதில் தெரிவதில்லை. படத்தின் அளவு 4032 x 3024 பிக்ஸல். உங்கள் மானிட்டர் 1920 x 1080 என்றால், முழுப் படத்தையும் திரைக்குள் அடக்க ஏறக்குறைய எட்டு பிக்ஸல்களை ஒன்றாகச் சுருக்கிக் காட்டுகிறது. இரண்டு மூன்று பிக்ஸல் அளவு கலங்கல் அதில் மறைந்துவிடும். பிரிண்ட் போட்ட பிறகுதான் தெரியும்.

என் அக்கா மகளின் பிறந்த நாளில் மெழுகுவத்தி ஊதும்போது எடுத்த 14 படங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றைத் தனி போல்டரில் காப்பி செய்து, விண்டோஸில் Details தோற்றத்துக்கு மாற்றி, Size தலைப்பில் கிளிக் செய்து வரிசைப்படுத்தினேன். ஒரே காட்சியின் ஜேபெக் படங்களில், கலங்கிய படத்தில் நுணுக்கம் குறைவு. அதனால் ஃபைலும் பெரும்பாலும் சிறிதாக இருக்கும். 3 எம்பி அளவில் இருந்தவற்றை முதலில் பார்த்தேன். இது வெறும் முதல் குறிப்புத்தான். காட்சி மாறினால் அளவும் மாறும் என்பதால், இதை மட்டும் நம்பி எதையும் அழிக்காதீர்கள்.

அடுத்து இர்ஃபான்வியூ புரோகிராமில் படத்தைத் திறந்து Ctrl+H அழுத்தவும். படம் உண்மையான அளவில் வரும். கண்களை நடுவில் கொண்டுவந்து, கருவிழியில் மின்னும் சிறு வெளிச்சப் புள்ளியைப் பாருங்கள். புள்ளி புள்ளியாகவே இருந்தால் நல்லது. அது கோடாக இழுபட்டு, பின்னால் சுவரும் அதே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. முகம் மங்கலாகவும் கேக்கின் மேல் உள்ள எழுத்து கூர்மையாகவும் இருந்தால் ஃபோகஸ் கேக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. முகம் கூர்மையாக, கை மட்டும் கலங்கியிருந்தால் கவலை வேண்டாம். கைதட்டும்போது அப்படித்தான் இருக்கும்.

இப்படி ஒன்பது படங்கள் விலகின. மீதி ஐந்தில் இரண்டில் கன்னம் உப்பி அழகாக இருந்தது, ஆனால் சுடரின் பக்கம் இருந்த நெற்றி முழுக்க வெள்ளை. இன்னொன்றில் குழந்தையின் முகத்தைத் தாத்தாவின் கை மறைத்தது. கடைசி இரண்டில் ஆறாவது படம் சற்று இருட்டு. ஆனால் கண்கள் தெளிவு, நெற்றியில் தோலின் நிறம் அப்படியே இருந்தது. ஏழாவதில் குழந்தை கண்ணை மூடியிருந்தாள், பக்கத்தில் நின்ற பாட்டியின் சிரிப்போ அருமை. ஆறாவதைத்தான் எடுத்தேன். வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பாட்டியின் முகத்தை மட்டும் ஏழாவதிலிருந்து வெட்டி, ஜிம்ப் புரோகிராமில் மேல் லேயராக வைத்துப் பொருத்தினேன். அடுத்தடுத்த படங்கள் என்பதால் வெளிச்சமும் கோணமும் ஒத்துப்போயின. ஆகவே வேலை முடியும்வரை மற்ற படங்களை அழிக்கக் கூடாது. ஐபோனில் பர்ஸ்டிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின் Keep Only என்று கேட்டால் கவனியுங்கள். மற்றவை Recently Deleted ஆல்பத்துக்குப் போய்விடும்.

லைவ் போட்டோ விஷயம் வேறு. 2015-ல் ஐபோன் 6எஸ் போனில் வந்த இந்த வசதி, பட்டனை அழுத்தும் முன்னும் பின்னும் ஒன்றரை நொடியைச் சேர்த்துப் பதிகிறது. கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்தால் IMG_0412.HEIC, IMG_0412.MOV என இரண்டு ஃபைல்கள் வருவதைக் காணலாம். முதலாவது முழு அளவுப் படம். இரண்டாவது சிறிய வீடியோ. பல போன்களில் 1440 x 1080 தான். வீடியோவை விஎல்சி பிளேயரில் திறந்து E கீயை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். கண் திறந்த கணம் வந்ததும் Shift+S அழுத்தினால் அது படமாகச் சேமிக்கப்படும். ஆனால் 6 x 4 அங்குல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 240 பிக்ஸல் கிடைக்கும், பரவாயில்லை. அதையே 10 x 8 ஆக்கினால் அங்குலத்துக்கு 135 தான். முகத்தில் மென்மை தட்டும், ரீடச்சிங் செய்யவும் அதிக விவரம் இருக்காது. முழு அளவுப் படத்தில் கண் பாதி மூடியிருந்தாலன்றி நான் வீடியோ ஃபிரேமைத் தொடுவதில்லை.