படத்தில் வந்த பீத்தோவன்

பியானோ ஆசிரியரின் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் வருகிறது: ‘இதை வாசிச்சுக் காட்டுங்க.’ பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’, முதல் பக்கம் மட்டும்.

வரியின் தொடக்கத்தில் ஷார்ப்பும் இல்லை, ஃபிளாட்டும் இல்லை. அப்படியானால் அது சி மேஜராகவும் இருக்கலாம், ஏ மைனராகவும் இருக்கலாம். சந்தேகத்தைத் தீர்ப்பது சுரங்களே. மூன்றாம் அளவிலேயே ஜி ஷார்ப் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதி ஏ-யில் வந்து அமர்கிறது. ஆகவே ஏ மைனர். படத்தில் இடது ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் இந்தக் கணக்கே தப்பிவிடும்.

கடினமா? இந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தால் எளிதுதான். இரு கைகளும் பெரும்பாலும் மாறி மாறியே வாசிக்கின்றன. ஆனால் படத்தில் வராத பக்கங்களில்தான் வலது கையின் வேகமான ஓட்டமும், இடது கை ஒரே ஏ-யை விடாமல் தட்டும் இடமும் இருக்கின்றன. மீதிப் பக்கங்களையும் கேட்டு வாங்காமல் பதில் சொல்லக் கூடாது.